ஐந்து வயது மூக்கில் கண்ணாடி நின்ற விதம்

கும்பகோணத்தில் கண்ணாடிக் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பவர் பார்ப்பது டாக்டரின் வேலை. அவர் சீட்டில் எழுதியதை மூக்கின் மேல் உட்கார வைப்பது என் வேலை. இந்தச் சிறுமியின் விஷயத்தில் சீட்டு சரியாகவே இருந்தது, கெட்டது உட்கார வைப்பதில்தான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

யு.கே.ஜி. படிக்கிற பெண், வயது ஐந்து. பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். அம்மா கூட்டிக்கொண்டு வந்தார், கூடவே அப்பாயியும். அப்பா சிங்கப்பூரில் வேலை. சீட்டில் வலது கண்ணுக்கு பிளஸ் 4.50, இடது கண்ணுக்கு பிளஸ் 6.00, முழு நேரமும் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. இடது கண் உள்பக்கமாகத் திரும்புகிற மாறுகண். வேறொரு ஊரில் கண்ணாடி போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. "போட்டும் கண்ணு உள்ளதாண்ணே போகுது. அதோட கழட்டி கழட்டி எறியிறா" என்றார் அம்மா. திரும்பவும் காட்டப்போனபோது டாக்டர், பாப்பா கண்ணாடிக்கு மேலே பார்ப்பதைக் கவனித்து, "முதல்ல ஃபிரேமை மாத்துங்க, பவரைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று அனுப்பியிருக்கிறார்.

பிளஸ் பவர் உள்ள குழந்தை எதையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை இறுக்கி முயற்சி செய்ய வேண்டும். அந்த இறுக்கமே கண்ணை மூக்கின் பக்கம் இழுக்கிறது. கண்ணாடி அந்த முயற்சியைத் தான் ஏற்றுக்கொண்டால் கண் தளர்ந்து நேராகும். ஆனால் பார்வை லென்ஸ் வழியாகப் போனால்தான் இது நடக்கும். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி, குழந்தை அதற்கு மேலாகப் பார்த்தால், அது வீட்டு அலமாரியில் இருப்பதும் முகத்தில் இருப்பதும் ஒன்றுதான். இந்த ஆறு வாரமும் அப்படித்தான் போயிருந்தது.

பழைய கண்ணாடியில் என்ன தப்பு

மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். மெல்லிய கம்பி ஃபிரேம், மூக்குக்கு இரண்டு சின்னப் பேட். காது கம்பியின் உள்பக்கம் 47□17 130 என்று அச்சிட்டிருந்தது. 47 என்பது ஒரு கண் வட்டத்தின் அகலம், 17 என்பது இரண்டு வட்டத்துக்கும் இடையே மூக்கின் மேல் வரும் இடைவெளி, 130 காது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 64. பாப்பாவின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே, அதாவது பி.டி., நான் அளந்தபோது 49. கூட்டுத்தொகைக்கும் பி.டி.க்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம். பெரியவர்கள் ஃபிரேமைச் சுருக்கிக் குழந்தை ஃபிரேம் என்று விற்றால் இப்படித்தான் வரும்.

இந்த 15-ல் இரண்டு கெடுதல் இருக்கிறது. கண்ணுக்கு நேராக லென்ஸின் மையத்தைக் கொண்டுவர, ஒவ்வொரு லென்ஸையும் மூக்குப் பக்கமாக 7.5 மில்லிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். அதற்கு, வெட்டுவதற்கு முன் வட்டத் தகடாக வரும் உருண்டை லென்ஸ் பெரிதாக இருக்க வேண்டும். பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும், உருண்டை பெரிதாக ஆக நடு இன்னும் தடிக்கும். இடது லென்ஸின் நடுவை அளந்தால் ஏழு மில்லிக்கு மேல் இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் மொத்தம் 31 கிராம். ஐந்து வயது மூக்குக்கு அது பாரம்.

இரண்டாவது, அவ்வளவு பெரிய உருண்டையும் போதவில்லை. லென்ஸின் பவரையும் மையத்தையும் காட்டும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்தால் இரண்டு மையங்களுக்கும் நடுவே 56 மில்லிமீட்டர் இருந்தது. 49 இருந்திருக்க வேண்டியது. மையத்தைவிட்டு விலகிப் பார்க்கும்போது பிளஸ் லென்ஸ் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் பட்டகம் போல நடந்துகொள்ளும். கணக்குப் போட்டால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மூன்றரைக்கு மேல் பட்டக அளவு, சீட்டில் எழுதாதது. அந்தப் பட்டகம் இருக்கும் திசை மாறுகண்ணைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதால், டாக்டர் கண்ணாடியோடு கண் திரும்பிய கோணத்தை அளந்தாலும் அந்த அளவை முழுசாக நம்ப முடியாது. வெளியே பார்த்தால் தெரியாத தப்பு இது. கண்ணாடி வாங்கியவுடன் "மையம் எவ்வளவுல இருக்கு, அளந்து காட்டுங்க" என்று கேட்டால் எந்தக் கடையிலும் இரண்டு நிமிஷ வேலை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம் மூக்கு. பாப்பாவைத் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட் முழுசாகப் படவே இல்லை, இரண்டு பேட்டின் கீழ்நுனி மட்டும் சதையில் குத்தி நின்றது. கழற்றினால் நெல்மணி அளவில் இரண்டு சிவப்புப் பள்ளம். ஐந்து வயதில் மூக்குத் தண்டு இன்னும் எழும்பவில்லை. அது தட்டையாக, அகலமாக, கண்ணுக்கு ரொம்பக் கீழே தொடங்கும். பெரியவர்களுக்கு ஃபிரேமைத் தாங்கும் மேடு இருக்கும் இடத்தில் குழந்தைக்கு வெறும் சமதளம்தான். அதனால் குழந்தை ஃபிரேமில் மூக்கின் மேல் உட்காரும் பாலம் தாழ்வாகவும் விரிந்தும், முன்னால் குறைவாகத் துருத்தியும் இருக்க வேண்டும். இந்த ஃபிரேமில் பாலம் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது.

காதுப் பக்கமும் அதே கதைதான். கம்பி வளைய வேண்டிய இடம் காதின் மேல் வேருக்கு நேராக இருக்க வேண்டும். இதில் வளைவு 12 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. காது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடி முன்னால் வழுக்கத்தானே செய்யும்? அதற்கு மருந்தாகப் பின்னந்தலையில் எலாஸ்டிக் கயிறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். கயிறு இழுக்க இழுக்க பேட் நுனி மூக்கில் இன்னும் குத்தும். வலிக்கிற சாமானைக் குழந்தை எறிகிறது என்றால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபிரேம் தேர்ந்தெடுத்தது

சுவர் நிறைய ஃபிரேம் மாட்டியிருக்கும் பக்கம் பாப்பாவைக் கூட்டிப்போகவில்லை. குழந்தையிடம் "எது பிடிச்சிருக்கு" என்று சுவரைக் காட்டினால், படம் போட்ட பெரிய ஃபிரேமைத்தான் எடுக்கும், அப்புறம் அதைப் பிடுங்க வேண்டியிருக்கும். முதலில் நானே உள்ளே போய், இரண்டு எண்ணையும் கூட்டினால் 49-க்குப் பக்கத்தில் வருவதாகத் தேடினேன். கச்சிதமாக 49 கிடைப்பதில்லை. 41□15, 40□16, 42□14 என்று மூன்று கிடைத்தன, மூன்றுமே 56. கண்ணுக்கு மூன்றரை மில்லிமீட்டர் மட்டும் தள்ளினால் போதும். மூன்றும் அசிடேட் பிளாஸ்டிக், பாலம் தாழ்வானது, மூக்கில் படும் இடம் பட்டையாக ஃபிரேமோடு சேர்ந்தே வார்த்தது.

ரப்பர் போல வளையும் ஃபிரேம்கள் இப்போது நிறைய வருகின்றன. மிதித்தாலும் உடையாது என்பது உண்மைதான். ஆனால் பொருந்தாவிட்டால் நான் சூடு காட்டி வளைத்துச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போது எப்படி உட்கார்ந்ததோ அப்படியேதான் கடைசிவரை. ஒன்றரை இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைத்தான் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அசிடேட் நல்லது, காது கம்பிக்குள் உலோகக் கம்பி ஓடுவதால் வளைத்த இடத்தில் நிற்கும்.

மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரே சோதனைகளைச் செய்தேன். சிரிக்கச் சொன்னேன். சிரிக்கும்போது கன்னம் எழும்பி ஃபிரேமின் கீழ்விளிம்பை முட்டித் தூக்கினால் அது வேண்டாம். 42□14-ல் தூக்கியது. ஃபிரேமின் அடிப்பக்கம் கன்னத்தை நோக்கி உள்ளே சரிந்திருந்ததுதான் காரணம். பெரியவர்களுக்கு அந்தச் சரிவு வேண்டும், குட்டிக் கன்னத்துக்கு அநேகமாக நேராகவே நிற்க வேண்டும். அடுத்து, என்னை நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். குழந்தை உலகத்தில் எல்லோரும் உயரம், நாள் முழுக்க அண்ணாந்துதான் பேசுகிறது. பழைய ஃபிரேமில் நிமிர்ந்தபோது கருவிழி மேல்விளிம்பைத் தாண்டியது. புதியதில் புருவம்வரை லென்ஸ் வந்தது, கருவிழி நடுவுக்குச் சற்று மேலே நின்றது. கடைசியாக, கீழே போட்ட ஒரு ரூபாயைக் குனிந்து எடுத்து, தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். 40□16-ல் ஃபிரேமின் முன்பக்கம் தலை அகலத்துக்குச் சின்னது, காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் இறுக்கியது. இறுக்கமாக இருந்தால் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. காது கம்பி வெளிப்பக்கம் விரிந்து, ஆப்பு அடித்தது போல ஃபிரேமை முன்னால் தள்ளும்.

மிச்சம் 41□15. அதே மாதிரியில் மூன்று கலர் இருந்தது. இப்போது பாப்பாவைக் கூப்பிட்டு மேஜையில் மூன்றையும் வைத்தேன். கத்திரிப்பூக் கலரை எடுத்தது. அம்மாவுக்கு பிரவுன் பிடித்திருந்தது, கண்ணைக் காட்டி வேண்டாம் என்றேன்.

உடையாத லென்ஸ் என்று சொன்னால் எது

பழைய பில்லில் "பைபர் லென்ஸ், உடையாது" என்று எழுதியிருந்தது. நம் ஊரில் பைபர் என்று சொன்னால் பெரும்பாலும் சி.ஆர்-39 என்கிற சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ்தான். கண்ணாடிச் சில்லைவிட அது பத்திரம், சந்தேகமில்லை. ஆனால் பலமாக அடிபட்டால் கூரான துண்டுகளாக உடையும். சாதாரணக் கண்ணாடிகளுக்கு அமெரிக்காவில் 1972 முதல் இருக்கும் சோதனையில், 16 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்றை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸ் மேல் போடுவார்கள். போதிய தடிமன் இருந்தால் சி.ஆர்-39 அதில் தேறிவிடும். பந்து, பம்பரம், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை என்று வேகமாக வருவதற்கு அது போதாது. குழந்தைக்கு வேண்டியது பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் லென்ஸ். பாலிகார்பனேட் பெரிய அடிக்கு நசுங்கும், குழியும், சில்லாகச் சிதறுவது அபூர்வம். கூடவே புற ஊதாக் கதிரையும் தடுக்கும்.

பாலிகார்பனேட்டிலும் குறை உண்டு. அது மெத்தென்ற பொருள், ஹார்ட் கோட்டிங் இல்லாமல் வாங்கினால் ஒரே வாரத்தில் கோடு விழும். நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் பட்டால் வெளுத்து வெடிப்பு விடும். ஓரத்தில் கலர்க் கோடு தெரிவதாகப் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. மையம் சரியாக இருந்தால் இந்த வயதில் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. ட்ரைவெக்ஸில் அந்தக் கலர் குறைவு, எடையும் கொஞ்சம் குறைவு, விலைதான் கூட. அந்த அம்மாவின் கைக்கு பாலிகார்பனேட் எட்டியது, அதையே போட்டோம்.

வாங்கியது பாலிகார்பனேட்தானா என்று வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்.சி.டி. கம்ப்யூட்டர் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகத் திரையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே குழந்தையின் லென்ஸைப் பிடித்து, கூலிங்கிளாஸைத் திரை இருட்டாகும்வரை சுழற்றுங்கள். வார்ப்பில் உருவான அழுத்தத்தால் பாலிகார்பனேட்டில் வானவில் திட்டுகள் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் அநேகமாக ஒன்றும் தெரியாது. ட்ரைவெக்ஸிலும் தெரியாது என்பதால், அதற்கு லென்ஸ் வந்த உறையைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு மெஷினில் வெட்டும்போதே தெரிந்துவிடும். சாதாரண லென்ஸ் வெள்ளைப் பொடியாக உதிரும், பாலிகார்பனேட் சேமியா மாதிரி சுருள் சுருளாக வரும்.

கடையில் கிடைக்கும் ரெடி உருண்டையை வாங்காமல், ஃபிரேம் அளவையும் பி.டி.யையும் லேப்புக்கு அனுப்பி, 55 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் செய்து தரச் சொன்னேன். நான்கு நாள் கூடுதலாக ஆனது. வந்த இடது லென்ஸின் நடு ஐந்து மில்லிக்குள். வெட்டிப் பூட்டியதும் மொத்தக் கண்ணாடி 18 கிராம். மையங்கள் 49. காது கம்பியைச் சூடாக்கி வளைவை முன்னால் கொண்டுவந்து, மீதி நுனியைக் காதுக்குப் பின்னால் மண்டையெலும்பின் வளைவோடு ஒட்டவிட்டேன். கயிறு வேண்டியிருக்கவில்லை.

போட மறுத்தது

கண்ணாடி மூக்கில் அசையாமல் நின்றது. பாப்பா அரை நிமிஷம் வைத்திருந்துவிட்டுக் கழற்றி மேஜையில் வைத்தது. "மங்கலா இருக்கு மாமா."

இது பொய் இல்லை. கிட்டப்பார்வைக் குழந்தைக்கு முதல் தடவை கண்ணாடி போட்டால் எதிர்க்கடை போர்டு பளிச்சென்று தெரியும், கழற்றவே விடாது. பிளஸ் பவர்க் குழந்தை கண்ணை இறுக்கியே பழகியிருக்கும், கண்ணாடி போட்ட பிறகும் அந்த இறுக்கம் உடனே விடாது. அதனால் தூரத்தில் இருப்பது கண்ணாடியோடு மங்கலாகவும், கண்ணாடி இல்லாமல் தெளிவாகவும் தெரியும். அந்த நேரத்தில் "போட்டாத்தான் நல்லாத் தெரியும்" என்று சொல்லும் பெரியவரைக் குழந்தை ஏன் நம்ப வேண்டும்? பாப்பா சொன்னதை அம்மாவிடம் அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவர் சில நாளைக்குக் கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து வேலை செய்யும்போது கண்ணால் இறுக்க முடியாது, கண்ணாடி இல்லாவிட்டால்தான் எல்லாம் மங்கல். இது டாக்டர் பார்த்து முடிவு செய்யும் மருந்து, மிச்சம் இருக்கிறதென்று வீட்டில் எடுத்துப் போடக் கூடாது.

வீட்டு ஏற்பாடு இப்படி. முதல் மூன்று நாள், பாப்பா விரும்பிப் பார்க்கும் கார்ட்டூனும் ராத்திரிச் சாப்பாடும் மட்டும் கண்ணாடியோடு. கழற்றினால் டி.வி.யை நிறுத்துவது, திட்டுவதில்லை, மறுபடி போட்டால் தொடர்வது. மூன்று தடவை கழற்றிவிட்டால் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்ப்பது. மல்லுக்கட்டக் கூடாது, மல்லுக்கட்டினால் அது விளையாட்டாகிவிடும், அதில் குழந்தைதான் ஜெயிக்கும். நாலாம் நாளிலிருந்து எழுந்தவுடன் பல் விளக்கியதும் கண்ணாடி. அப்பாவும் கண்ணாடி போடுகிறவர். ராத்திரி வீடியோ காலில் "ரெண்டு பேரும் போட்டுக்கிட்டுத்தான் பேசணும்" என்று அவரே ஒரு சட்டம் போட்டார். எனக்குத் தெரிந்து அதுதான் அதிகமாக வேலை செய்தது.

அப்பாயிதான் கொஞ்சம் சிரமப்படுத்தினார். "பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுல சோடாபுட்டியா" என்று பாப்பா காதுபடவே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கடைக்கு வந்தவரிடம் பேத்தியின் பழைய போட்டோவையும் அன்றைக்கு எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போனில் காட்டினேன். கண்ணாடியோடு இருந்ததில் இரண்டு கண்ணும் நேராக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த வார்த்தையும் வீட்டில் வரவில்லை என்றார் அம்மா. பள்ளி வேனில் ஒரு பையன் அதையே சொல்லிக் கூப்பிட்டதை மிஸ்ஸிடம் சொல்லி நிறுத்தினார்கள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி கழற்ற ஆரம்பித்தது. எல்லோரும் பழைய பிடிவாதம் என்றார்கள். காதை மடக்கிப் பின்னால் பார்த்தால் இடது பக்கம் சிவந்திருந்தது. நான் வளைவை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக முன்னால் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான், தப்பு என்னுடையது. தளர்த்திவிட்டேன், மறுநாளிலிருந்து சரி. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மறுத்தால் முதலில் மூக்கையும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள் என்று இப்போது கண்ணாடி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை மாதத்தில் இன்னொரு பதற்றம். "கழட்டினா முன்னவிட அதிகமா உள்ள போகுதுண்ணே, கண்ணாடியாலதான் கெட்டுப்போச்சோ?" கண்ணாடியோடு நேராக இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கழற்றும்போது பழைய திருப்பம் பெரிதாகப் படும். தளர்ந்து பழகிய பாப்பாவின் கண் திடீரென்று மறுபடி இறுக்கவும் வேண்டியிருக்கிறது. இதைப் பயந்து கண்ணாடியை நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும். கண் இப்படித் தோன்றுவதற்கு டாக்டரும் இதே காரணத்தைத்தான் சொல்லி அனுப்பினார்.

ஏழாம் மாதம் வந்தபோது வலது லென்ஸில் ஒரு குழிவு, பக்கத்தில் கோடு. பள்ளியில் ஊஞ்சல் பலகை முகத்தில் அடித்திருக்கிறது. லென்ஸ் ஃபிரேமைவிட்டுக் கழன்று விழுந்திருக்கிறது, உடையவில்லை. புருவத்தில் சின்ன வீக்கம் இருந்து ஆறிவிட்டதாம். லென்ஸை மாற்றினேன், கீல் ஸ்க்ரூ இரண்டையும் முடுக்கினேன், காது கம்பியை மூன்று மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினேன். தலை வளர்ந்திருந்தது.

போன வாரம் பி.டி. 50. மூக்குத் தண்டு லேசாக எழும்பத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பாலம் இன்னும் இரண்டு பக்கமும் நன்றாகப் படிகிறது. அம்மா புது ஃபிரேம் கேட்டார். அடுத்த மாதம் டாக்டர் பவர் பார்க்கப்போகிறார், அதுவரை இதுவே இருக்கட்டும் என்றேன். பாப்பா கேட்காமலேயே ஒரு ரூபாயைக் கீழே போட்டு, குனிந்து எடுத்து, தலையை ஆட்டிக் காட்டியது.